ஹவர் மீட்டரிலிருந்து தொடங்கும் ஏ.எம்.சி.

மார்ச் மாதம் வந்துவிட்டால் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார மில்களில் மெயின்டனன்ஸ் மேனேஜரின் மேஜைக்கு ஏ.எம்.சி. கொட்டேஷன்கள் வரிசையாக வந்து சேரும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புது வருட ஒப்பந்தம் தொடங்க வேண்டும் என்பதால் இந்த அவசரம். ஏ.சி., ஜெனரேட்டர், லிஃப்ட், யு.பி.எஸ்., கம்ப்ரஸர் என்று இயந்திரம் எதுவானாலும் அந்தக் காகிதங்களில் இருப்பது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: வருடத்துக்கு நான்கு விசிட், பிரேக்டவுன் கால் வந்தால் நான்கு மணி நேரத்தில் ரெஸ்பான்ஸ், ஸ்பேர்ஸ் தனி, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.

இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் நூற்பாலைக்கும், பகலில் மட்டும் ஓடும் பனியன் கம்பெனிக்கும் இதே நான்கு வரிகள் போகின்றன. போன வருடக் காகிதத்தில் தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களே அதிகம். வாடிக்கையாளரும் கடைசி வரியில் உள்ள தொகையைப் பார்த்து, இரண்டாயிரம் மூவாயிரம் குறைக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். தகராறு அப்புறம் வருகிறது. மே மாதம் நள்ளிரவில் மெஷின் நின்றுபோகும்போதுதான் நான்கு மணி நேரம் என்பது எந்த நேரத்திலிருந்து, ஸ்பேர்ஸ் தனி என்பதில் எது எது அடக்கம் என்ற கேள்விகளே எழுகின்றன.

நல்ல ஏ.எம்.சி. முன்மொழிவு எப்படி உருவாகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே 37 கிலோவாட், அதாவது 50 குதிரைத்திறன் கொண்ட ஸ்க்ரூ கம்ப்ரஸர்கள் இரண்டு. மில்லின் காற்றுத் தேவைக்கு ஒன்று போதும், மற்றது ஸ்டாண்ட்பை. வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். பழைய மெஷினின் ஹவர் மீட்டர் 28,000 மணியைத் தாண்டியிருக்கிறது, புதியது 9,000 மணியில் நிற்கிறது. சர்வீஸ் கொடுக்கும் நிறுவனம் கோவையில். சாலை வழியாக வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும்.

கம்ப்ரஸருக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. ஏர் எண்ட் என்று சொல்லப்படும் பகுதிக்குள் இரண்டு திருகுத் தண்டுகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழன்று காற்றை நெருக்குகின்றன. அந்த இடத்தில் எண்ணெய் பீய்ச்சப்படுகிறது. இடைவெளியை அடைப்பதும் சூட்டைத் தாங்கிக்கொண்டு போவதும் அந்த எண்ணெயின் வேலை. பிறகு செப்பரேட்டர் எண்ணெயைக் காற்றிலிருந்து பிரிக்கிறது. கூலர் இரண்டையும் குளிர வைக்கிறது. வெளியே வரும் காற்று ஆட்டோகோனரில் அறுந்த நூலை ஒட்டவும், மற்ற மெஷின்களின் சிலிண்டர்களை இயக்கவும் போகிறது. காற்று நின்றால் ஆட்டோகோனர் நிற்கும். ஸ்பின்னிங்கிலிருந்து வரும் காப்புகள் கோனாக மாறாமல் குவிய ஆரம்பிக்கும்.

இந்த மெஷின்களுக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். சாதாரண எண்ணெய் போட்டிருந்தால் ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், எண்ணெய் மூன்றையும் 2,000 மணிக்கு ஒருமுறையும், செப்பரேட்டரை 4,000 மணிக்கு ஒருமுறையும் மாற்றுவது பரவலான வழக்கம். சிந்தெடிக் எண்ணெய் என்றால் 4,000 மணி, சிலவற்றில் 8,000 மணி வரைகூட வரும். மேனுவலில் உள்ள எண்தான் முடிவு. ஆகவே கொட்டேஷன் எழுதப் போகிறவர் முதலில் கம்ப்ரஸர் ரூமுக்குப் போய் மீட்டரில் உள்ள இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மெஷின் மொத்தம் ஓடிய மணி, இன்னொன்று லோடில் ஓடிய மணி. கூடவே, போன வருடம் இதே மாதத்தில் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வாய்ச்சொல்லாகச் சொல்லும் ஓட்ட நேரத்துக்கும் லாக் புத்தகத்துக்கும் பல இடங்களில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

நம் மில் வருடத்துக்கு 350 நாள், நாளுக்கு 24 மணி ஓடுகிறது. மொத்தம் 8,400 மணி. இரண்டு மெஷின்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 4,200. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் 2,000 மணியைத் தொடும். ஏப்ரல் முதல் தேதி கணக்கு தொடங்கினால் அது செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வரும். 4,000 மணி மார்ச் நடுவில். மூன்று மணி நேரம் பயணம் செய்து வருகிற ஒருவர் ஒரே நாளில் இரண்டு மெஷின்களையும் முடித்துவிட்டுப் போகலாம். அப்படியானால் முழு சர்வீஸுக்கு வருடத்தில் இரண்டே நாள் போதும். ஒரே மெஷினை விடாமல் ஓட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். 83 நாளிலேயே 2,000 மணி வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு விசிட் என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் தன் ஆயுளைத் தாண்டி ஓடும். திருப்பூரில் நாளுக்குப் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் ஓடும் ஒரு யூனிட்டுக்கு மூவாயிரம் மணிதான் வரும். அங்கே அதே நான்கு விசிட்டில் இரண்டு வெறும் கையெழுத்து வாங்கிப் போவதாக முடியும்.

சர்வீஸ் இரண்டு நாள் என்றால் மற்ற விசிட்கள் எதற்கு? பருவத்துக்காக. நூற்பாலையில் பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். கம்ப்ரஸர் உள்ளிழுக்கும் காற்றோடு அது வந்து கூலரின் இதழ்களுக்கு நடுவே கம்பளம் மாதிரி படிந்துவிடும். குளிர்காலத்தில் அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரி, கம்ப்ரஸர் ரூமுக்குள் அதற்கும் மேலே. நல்ல நிலையில் 80, 90 டிகிரியில் ஓட வேண்டிய மெஷின் 105ஐத் தொட்டு, 110 வாக்கில் தானாக டிரிப் ஆகி நின்றுவிடும். கோடையில் வரும் புகார்களில் மெஷின் உண்மையிலேயே கெட்டுப்போனது குறைவு, கூலர் அடைத்துக்கொண்டது அதிகம்.

அதனால் இந்த மில்லுக்கு எழுதப்படும் விசிட் அட்டவணை இப்படி வரும். ஏப்ரல் முதல் வாரத்தில் நுழைவுப் பரிசோதனையும் கூலர் கழுவுதலும். ஜூன் கடைசியில் ஒரு பார்வை. செப்டம்பரில் 2,000 மணி சர்வீஸ். டிசம்பரில் இன்னொரு பார்வை. மார்ச் நடுவில் செப்பரேட்டரோடு சேர்த்து 4,000 மணி சர்வீஸ். அதிலேயே அடுத்த கோடைக்கான கூலர் வேலையும் அடங்கிவிடும். ஆக ஐந்து விசிட். ஒவ்வொன்றும் ஏன் வருகிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல முடிகிற ஐந்து. இதன் கீழே ஒரு வரி அவசியம்: எந்த மெஷினாவது வருடத்தில் 4,500 மணியைத் தாண்டினால், கூடுதல் சர்வீஸ் இன்ன தொகைக்குச் செய்து தரப்படும். அந்தத் தொகையை அப்போதே எழுதிவிட்டால் பின்னால் பேரம் வராது.

ஸ்டாண்ட்பை மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில மில்களில் அதைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து மாதக் கணக்கில் ஓட்டாமலே விட்டுவிடுகிறார்கள், அல்லது வாரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துகிறார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் போதுமான சூட்டுக்கு வராது. காற்றிலுள்ள ஈரம் ஆவியாக வெளியேறாமல் எண்ணெயோடு கலந்துவிடும். லெவல் கிளாஸில் எண்ணெய் மோர் நிறத்தில் தெரிந்தால் அதுதான் அடையாளம். பேரிங்குக்கு அது விஷம். வாரம் மாற்றி ஓட்டுவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுவது, தினமும் டெம்பரேச்சரையும் பிரஷரையும் லாக் புத்தகத்தில் எழுதுவது ஆகியவையும் அதே பத்தியில் வரும். கோவையிலிருந்து ஆள் வந்து செய்ய வேண்டிய வேலைகள் அல்ல அவை.

அடுத்தது ஸ்பேர்ஸ். சண்டை அதிகம் வருவது இங்கேதான்.

சந்தையில் இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. லேபர் மட்டும் என்பதில் ஆள் வருவார், வேலை செய்வார், பொருளுக்கெல்லாம் தனி பில். காம்ப்ரிஹென்சிவ் என்பதில் பொருளும் அடக்கம். பேச்சில் இப்படி இரண்டாகப் பிரித்தாலும், மெஷினுக்குள் இருக்கும் பொருள்கள் மூன்று விதமாகத்தான் நடந்துகொள்கின்றன. எண்ணெய், ஃபில்டர், செப்பரேட்டர் ஆகியவை மாற்றியே தீர வேண்டியவை. எப்போது, எத்தனை என்று முன்கூட்டியே தெரியும். இன்டேக் வால்வ் கிட், ஷாஃப்ட் சீல், சொலினாய்டு வால்வ், டெம்பரேச்சர் சென்சார் போன்றவை எப்போது போகும் என்று தெரியாது, ஆனால் விலை தாங்கக்கூடியது. ஏர் எண்ட், மெயின் மோட்டார், கன்ட்ரோலர் ஆகியவை அபூர்வமாகத்தான் போகும். போனால் ஒப்பந்தத் தொகை முழுவதையும் விழுங்கிவிடும்.

நியாயமான முன்மொழிவு இந்த மூன்றையும் தனித்தனியாக நடத்தும். முதல் வகையை எண்ணிக்கையோடு எழுதிவிடலாம். நம் கணக்கில் மெஷினுக்கு வருடம் இரண்டு ஏர் ஃபில்டர், இரண்டு ஆயில் ஃபில்டர், ஒரு செப்பரேட்டர், இரண்டு முறை எண்ணெய். இடையில் குறையும் எண்ணெய்க்கு டாப்-அப் எத்தனை லிட்டர் வரை அடக்கம் என்பதும் வேண்டும். இரண்டாவது வகையில் எவை எவை அடக்கம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் இல்லாதது அடக்கம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

மூன்றாவது வகையில்தான் கொட்டேஷன் எழுதுகிறவரின் அனுபவம் தெரியும். 9,000 மணி ஓடிய புது மெஷினுக்கு ஏர் எண்டையும் சேர்த்துப் பொறுப்பேற்பது பெரிய ஆபத்து இல்லை. 28,000 மணி ஓடிய பழைய மெஷின் அப்படி அல்ல. ஏர் எண்டின் பேரிங்குகளைப் பொதுவாக 20,000 மணிக்கும் 40,000 மணிக்கும் இடையில் மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருந்தால் தாமதமாகவும், தள்ளிப்போட்டிருந்தால் சீக்கிரமாகவும் அது வரும். இந்த மெஷினுக்கு எல்லாம் அடக்கம் என்று எழுதுகிறவர் ஒன்று கணக்குப் போடாதவர், இல்லையென்றால் மூன்று மடங்கு தொகை கேட்கிறவர். சரியான வழி வேறு. பழைய மெஷினுக்கு முதல் இரண்டு வகை மட்டும் அடக்கம். ஏர் எண்ட் ஓவர்ஹாலுக்கு இப்போதே தனி விலை, ஒப்பந்த காலம் முழுவதும் மாறாத விலையாக. எந்த அறிகுறி தெரிந்தால் அதைச் செய்வது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு விசிட்டிலும் பேரிங் அதிர்வை அளந்து எழுத வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போனால், சத்தம் மாறினால், லோடில் மோட்டாரின் கரன்ட் வழக்கத்தைவிடக் கூடினால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். திட்டமிட்டு இறக்கினால் பேரிங்கும் சீலும் மாற்றுவதோடு போகும். விட்டுவிட்டால் பேரிங் உடைந்து திருகுகள் ஒன்றோடொன்று உரசும். அப்புறம் ஏர் எண்டையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு நிறுவனம் இதுவரை பார்த்துவந்த மெஷினாக இருந்தால், நுழைவுப் பரிசோதனை இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது. அன்று ரூமின் வெப்பம், மெஷினின் டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர், செப்பரேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், மூன்று ஃபேஸிலும் கரன்ட், அதிர்வு, எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். செப்பரேட்டரின் அழுத்த வித்தியாசம் ஒரு பாரை நெருங்கியிருந்தால் அது ஏற்கெனவே ஆயுள் முடிந்த நிலை. அதை மாற்றும் செலவு புது ஒப்பந்தத்துக்குள் வராது. மெஷினை நல்ல நிலைக்குக் கொண்டுவரும் முதல் பில்லில் வரும். இந்தத் தாள் இல்லாவிட்டால் பழைய நோய்க்குப் புது டாக்டர் செலவு செய்ய வேண்டிவரும்.

மெஷினின் குற்றமல்லாதவற்றையும் எழுத வேண்டும். மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு, எலி கடித்த கேபிள், வேறு எண்ணெய் ஊற்றியது ஆகியவை வழக்கமாக விலக்கப்படுபவை. ஒன்று மட்டும் பலருக்குத் தோன்றுவதில்லை. இ.பி. லைனில் வேலை நடந்து முடிந்து கரன்ட் வரும்போது சில சமயம் ஃபேஸ் மாறி வந்துவிடும். திருகுகள் எதிர்த்திசையில் சுழன்றால் கெட்டுப்போகும் என்பதால் கன்ட்ரோலர் மெஷினை ஸ்டார்ட் ஆகவே விடாது. சர்வீஸ் ஆள் மூன்று மணி நேரம் வந்து, இரண்டு வயர்களை மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். மில் எலக்ட்ரீஷியனே போனில் கேட்டுச் செய்துவிடக்கூடிய வேலை. இப்படிப்பட்ட கால்களுக்கு விசிட் கட்டணம் உண்டு என்பதை முதலிலேயே சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

கழித்த எண்ணெய் யாருடையது என்பதும் ஸ்பேர்ஸ் பத்தியிலேயே வர வேண்டும். கழிவு எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். சர்வீஸ் பையன் கேனில் எடுத்துக்கொண்டு போய் வழியில் விற்றுவிட்டால், மில்லின் பதிவேட்டில் அந்த லிட்டர் கணக்கு இடிக்கும். அதேபோல், காற்றைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் டாங்க் ஓர் அழுத்தக் கலம். அதைச் சோதித்துச் சான்று தருவது அங்கீகாரம் பெற்ற நபரின் வேலை. கம்ப்ரஸர் ஏ.எம்.சி.யில் அது சேராது. டிரையர் சேருமா, ஆட்டோ டிரெயின் வால்வ் சேருமா என்பதையும் அங்கேயே முடித்துவிடலாம்.

இப்போது அந்த நான்கு மணி நேரம். இரவு பதினொரு மணிக்கு வேடசந்தூரில் மெஷின் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மில் ஃபிட்டர் கோவைக்குப் போன் செய்கிறார்.

“சார், ஹை டெம்பரேச்சர்னு காட்டி நின்னுருச்சுங்க.”

“எவ்வளவு காட்டுச்சு?”

“நூத்திப் பத்துங்க.”

“ஆயில் லெவல் பாருங்க, கிளாஸ்ல தெரியுதா?”

“பாதிக்கு மேலயே இருக்குங்க.”

“ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதா? கூலரை டார்ச் அடிச்சுப் பாருங்க.”

“ஃபேன் ஓடுதுங்க. கூலர்ல பஞ்சு அப்பிக்கிட்டு இருக்குதுங்க.”

“அந்த மெஷின் மெயினை ஆஃப் பண்ணுங்க. ஸ்டாண்ட்பையை ஓட விட்டுட்டு, இது ஆறுனதும் ஏர் கன்னால உள்ளிருந்து வெளியே ஊதுங்க. வேகமா ஊதாதீங்க, ஃபின் மடங்கிரும். காலைல நான் வர்றேன்.”

பத்து நிமிடப் பேச்சு. மில் நிற்கவில்லை, யாரும் ராத்திரியில் கார் ஓட்டவில்லை. ஆனால் எழுதப்பட்ட ஒப்பந்தம் நான்கு மணி நேரத்தில் ரெஸ்பான்ஸ் என்று மட்டும் சொன்னால், இதில் யார் சொன்னபடி நடந்தார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. போனை எடுத்ததே போதுமென்று ஒருவர் சொல்லலாம். நான்கு மணி நேரத்தில் மெஷின் ஓடியிருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்லலாம்.

மூன்று கடிகாரங்களைத் தனித்தனியாக எழுதுவதே இதற்கு வழி. புகார் பதிவானதிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவர் போனில் பேசும் நேரம்: அரை மணி. ஆள் மில் வாசலுக்கு வரும் நேரம்: தூரத்தைப் பொறுத்தது. மெஷின் மறுபடி ஓடும் நேரம்: ஸ்பேர்ஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புகார் எந்த எண்ணுக்கு, வாட்ஸ்அப்பிலா போனிலா வந்தால் பதிவானதாகக் கருதப்படும், ஞாயிறும் பண்டிகை நாள்களும் கணக்கில் சேருமா, இரவு பத்து மணிக்கு மேல் எப்படி ஆகியவை இந்த மூன்றுக்கும் அடிக்குறிப்பாக இருக்க வேண்டும்.

வாசலுக்கு வரும் நேரத்தைத்தான் பெரும்பாலானோர் தவறாக எழுதுகிறார்கள். எல்லாப் புகாருக்கும் ஒரே நேரம் வைப்பதுதான் தவறு. நம் மில்லில் ஒரு மெஷின் நின்றால் இன்னொன்று ஓடும், உற்பத்தி பாதிக்காது. அதற்கு ஆள் மறுநாள் மாலைக்குள் வந்தால் போதும். இரண்டும் நின்றுவிட்டால் மில்லே நிற்கும். அதற்கு இரவு பகல் பார்க்காமல் ஐந்து மணி நேரம். கோவையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், ஆளை எழுப்பி ஸ்பேர்ஸ் எடுத்துக் கிளம்ப ஒரு மணி நேரம், கைக்காவலாக இன்னொரு மணி நேரம். வாடிக்கையாளரிடம் இதை விளக்கிச் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார். நான்கு என்று எழுதிவிட்டு ஐந்தில் வருவதைவிட, ஐந்து என்று எழுதி ஐந்துக்குள் வருகிற நிறுவனத்தை மில்காரர்கள் விடுவதில்லை.

விலையிலும் இது எதிரொலிக்கும். ஒரு இன்ஜினீயரின் ஒரு நாள், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய், இரவுக் கால் ஒன்றுக்கு 6,000 ரூபாய் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். திட்டமிட்ட ஐந்து விசிட்டுக்கு 20,000. வருடத்தில் ஆறு பிரேக்டவுன் வரலாம். எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்தால் ஆறையும் இரவுக் காலாகவே எண்ண வேண்டும்: 36,000. இரு நிலையாகப் பிரித்தால் ஐந்து பகல் கால், ஒரு இரவுக் கால்: 26,000. பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம், மில்லுக்கு ஒரு நிமிட உற்பத்தியும் குறையாமல். தொகையைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் கேட்கும்போது சர்வீஸ் நிறுவனத்திடம் கொடுப்பதற்கு உண்மையிலேயே ஏதாவது இருக்குமென்றால், அது இங்கேதான் இருக்கிறது. ஃபில்டரின் தரத்தில் கை வைத்துக் குறைப்பவர்களும் உண்டு. அதன் விலையைப் பின்னால் ஏர் எண்ட் கொடுக்கும்.

மூன்றாவது கடிகாரத்துக்கு வேண்டியது மில்லின் ஸ்டோரில் ஒரு பெட்டி. ஒரு சொலினாய்டு வால்வ், ஒரு டெம்பரேச்சர் சென்சார், ஒரு பிரஷர் சென்சார், ஒரு செட் ஃபில்டர், ஒரு கேன் எண்ணெய். சிறிய பொருள்கள்தான். ஆனால் சென்சார் ஒன்று போனாலே 50 குதிரைத்திறன் மெஷின் அசையாது. ஆள் மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டு, கோவையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரும்வரை உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. பெட்டி சர்வீஸ் நிறுவனத்தின் சொத்தாகவே மில்லில் இருக்கலாம். எடுத்துப் பயன்படுத்தியதற்கு மட்டும் பில், ஒவ்வொரு விசிட்டிலும் எண்ணிச் சரிபார்த்து நிரப்ப வேண்டும். ஏர் எண்ட், மோட்டார் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றைச் சரி செய்யப் பல நாள் ஆகலாம். அங்கே எழுத வேண்டியது பழுது நீக்கும் நேரத்தை அல்ல; மாற்று கம்ப்ரஸர் ஒன்றை எத்தனை மணி நேரத்தில், என்ன வாடகைக்குக் கொண்டுவந்து இறக்குவது என்பதைத்தான்.

பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் அப்டைம் என்று ஒரே சதவீதமாகக் கேட்பதுண்டு. 2015இல் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வந்த மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளுக்கு 95 சதவீதம், சமுதாய சுகாதார நிலையங்களுக்கு 90, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு 80 என்று வைத்தது. சிறிய ஊருக்கு ஆள் போய்ச் சேரும் நேரத்தை அந்த எண்கள் கணக்கில் எடுத்திருக்கின்றன. மில்லுக்கு அப்படியே எடுத்து எழுதுமுன் பெருக்கிப் பார்க்க வேண்டும். 8,400 மணியில் 5 சதவீதம் 420 மணி, அதாவது பதினேழரை நாள். 95 என்று கேட்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். பதினேழு நாள் காற்று இல்லாமல் எந்த மில்லும் ஓடாது. இரண்டில் ஒன்றாவது ஓடிய நேரம் என்று அளந்து, 99 சதவீதத்துக்கு மேல் கேட்பதே இந்த மில்லுக்குப் பொருந்தும். திட்டமிட்ட சர்வீஸுக்கு நிறுத்திய நேரமும் இ.பி. போன நேரமும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது.

தவறினால் என்ன? உற்பத்தி நஷ்டத்தைத் தாருங்கள் என்று வாடிக்கையாளர் கேட்பார். சில பத்தாயிரம் ரூபாய் ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான நஷ்டத்தை எந்த சர்வீஸ் நிறுவனமும் ஏற்க முடியாது. நடைமுறையில் ஒத்துவருவது, ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு புகாருக்கும் அந்தக் காலாண்டின் தொகையில் ஒரு சிறு பங்கைக் கழிப்பது, வருடத்துக்கு மொத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல். இதற்கு ஏற்பக் கட்டணமும் காலாண்டுக்கு ஒருமுறை, விசிட் ரிப்போர்ட்டில் மில்லின் கையெழுத்து இருந்தால் கொடுப்பதாக அமையலாம். முழுத் தொகையும் ஏப்ரலிலேயே முன்பணமாகப் போய்விட்டால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது. காலாண்டுப் பணம் நின்றுபோனால் சர்வீஸும் நிற்கும் என்பதை நிறுவனம் எழுதிக்கொள்ளலாம். எத்தனை நாள் தாமதம் வரை பொறுப்பது என்பதோடு சேர்த்து.

இவ்வளவையும் எழுதினால் இரண்டு பக்கம், பின்னிணைப்பாக ஸ்பேர்ஸ் பட்டியல் ஒரு பக்கம், நுழைவுப் பரிசோதனைத் தாள் ஒன்று. வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது மெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், மில் ஃபிட்டரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துக் காட்டுவது நல்லது. வாரம் மாற்றி ஓட்டப் போகிறவரும் ராத்திரி போன் செய்யப் போகிறவரும் அவர்தான். அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எந்த எண்ணுக்குப் போன் செய்வது, அங்கே எடுக்காவிட்டால் அடுத்தது யார் என்பதாக இருக்கும். அந்த இரண்டு எண்களையும் ஒப்பந்தத்தில் எழுதி, ஒரு நகலைக் கம்ப்ரஸர் ரூம் சுவரிலும் ஒட்டிவிட்டால் ஏப்ரல் முதல் தேதி வேலையைத் தொடங்கிவிடலாம்.